ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம்?

ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு பக்கம் பத்து மாதக் குழந்தை இருக்கும் வீடுகளில் அலமாரியைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு பாட்டில்கள் இருக்கும். ஒன்று நர்ஸம்மா கொடுத்துவிட்டுப் போனது. இன்னொன்று டாக்டர் எழுதி மெடிக்கலில் வாங்கியது. இரண்டுக்கும் வீட்டில் ஒரே பெயர்: ரத்தம் ஊறுற மருந்து. பெயர் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். இந்த மருந்தைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

“இரும்புச்சத்து மருந்து எல்லாம் ஒண்ணுதான். ஒரு மில்லி குடுத்தாப் போதும்.”

இந்த ‘ஒரு மில்லி’ எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 2018-இல் மத்திய அரசு தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டத்தின்படி, ஆறு மாதம் முடிந்த குழந்தை முதல் ஐந்து வயது நிரம்பாத குழந்தை வரை, வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 1 மில்லி சிரப் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். பாட்டில் 50 மில்லி. வாரம் 2 மில்லி வீதம் கொடுத்தால் 25 வாரத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு வரும். இது ரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவு. அந்தப் பாட்டிலுக்கு மட்டுமே பொருந்துகிற அளவும்கூட.

மெடிக்கலில் கிடைப்பவை வேறு கணக்கில் தயாராகின்றன. ‘சிரப்’ என்று எழுதியிருக்கும் பெரிய பாட்டிலின் லேபிளில் பெரும்பாலும் “ஒவ்வொரு 5 மில்லியிலும்” என்று ஆரம்பித்து அளவு போட்டிருப்பார்கள். ‘டிராப்ஸ்’ என்று எழுதியிருக்கும் 15 மில்லி சின்ன பாட்டிலில் “ஒவ்வொரு மில்லியிலும்” என்றிருக்கும். 5 மில்லியில் 50 மில்லிகிராம் இரும்பு உள்ள சிரப்பும் உண்டு. ஒரே மில்லியில் 50 மில்லிகிராம் உள்ள டிராப்ஸும் உண்டு. இரண்டு லேபிளிலும் 50 என்ற எண்தான் கண்ணில் படும். ஆனால் சின்ன பாட்டில் மருந்து பெரிய பாட்டில் மருந்தைவிட ஐந்து மடங்கு கெட்டி. சொட்டு மருந்து என்றால் பச்சைக் குழந்தைக்கு ஏற்றபடி லேசாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை நேர் எதிர். சின்ன வாய்க்குள் குறைந்த அளவில் போக வேண்டும் என்பதற்காகவே டிராப்ஸை அடர்த்தியாகத் தயாரிக்கிறார்கள்.

ஒரு குழந்தையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வயது பத்து மாதம், எடை 8 கிலோ. ஹீமோகுளோபின் 9.5. இந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பதால் இது நடுத்தர நிலை. சிகிச்சைக்கு வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் இரும்பு. எட்டு கிலோவுக்கு 24 மில்லிகிராம். டாக்டர் மேலே சொன்ன டிராப்ஸை எழுதினால் நாளுக்கு அரை மில்லி என்று எழுதுவார். அதில் 25 மில்லிகிராம் இருக்கும். சிரப்பை எழுதினால் ஏறக்குறைய 2.5 மில்லி என்று எழுதுவார். அதிலும் 25 மில்லிகிராம்தான். அரசு பாட்டிலிலிருந்தே கொடுப்பதென்றால் இந்த எடைக்குத் தினமும் 1 மில்லி என்று திட்டத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

இப்போது வீட்டில் நடப்பதைப் பாருங்கள். போன மாதம் சிரப் எழுதினார்கள், 2.5 மில்லி கொடுத்தோம். தீர்ந்துவிட்டது. மெடிக்கலில் சிரப் இல்லை, அதே கம்பெனியின் டிராப்ஸ் கிடைத்தது. பெயர் அதேதான் என்று வாங்கி வந்து, பழைய பழக்கத்தில் 2.5 மில்லி ஊற்றுகிறோம். குழந்தைக்குப் போவது 125 மில்லிகிராம். தேவையைவிட ஐந்து மடங்கு. குழந்தை வாந்தி எடுக்கும், வயிறு வலித்து அழும். பாட்டிலை மாற்றியதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். மாற்றிச் செய்தாலும் கெடுதல்தான். டிராப்ஸ் அளவான அரை மில்லியைச் சிரப்பிலிருந்து கொடுத்தால் உள்ளே போவது வெறும் 5 மில்லிகிராம். இரண்டு மாதம் விடாமல் கொடுத்தும் ஹீமோகுளோபின் அசையாது. “மருந்து கேக்கலைங்க” என்று அம்மாயி சொல்வார். மருந்தின் மேல் குற்றமில்லை.

லேபிளில் இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். இரும்பு தனியாக பாட்டிலில் இருப்பதில்லை, ஏதோ ஒரு சேர்மமாகத்தான் இருக்கும். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 160 மில்லிகிராம் என்று பெரிய எண் போட்டிருந்தால், அதற்குள் இருக்கும் இரும்பு 32.8 மில்லிகிராம்தான். பக்கத்திலேயே ‘எலிமெண்டல் அயர்ன்’ என்று சிறிய எழுத்தில் அந்த எண் இருக்கும். டாக்டர் கணக்குப் போடுவது அந்தச் சின்ன எண்ணை வைத்து. பாட்டிலை மாற்றி வாங்கும்போது ஒப்பிட வேண்டியதும் அதைத்தான். அதோடு அது 1 மில்லிக்கா 5 மில்லிக்கா என்பதையும் பார்த்துவிட்டால் போதும். ஆங்கிலம் படிக்க வராவிட்டால் மெடிக்கலில் இருப்பவரிடம், “அண்ணா, இதுல ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் இரும்பு?” என்று கேட்டு, விடையைப் பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர் தினமும் கொடுக்கச் சொல்லிச் சிகிச்சை நடக்கும் காலத்தில், நர்ஸம்மா கொடுத்த வாரம் இரண்டு நாள் மருந்தைக் கூடவே கொடுக்கக் கூடாது. அவரிடம் விஷயத்தைச் சொல்லி நிறுத்தி வைத்து, சிகிச்சை முடிந்த பிறகு தொடர வேண்டும்.

“ஃபில்லர் தொலைஞ்சா என்ன, இருமல் மருந்து ஃபில்லர் இருக்கே.”

டிராப்ஸ் பாட்டிலோடு வரும் ஃபில்லரில் உள்ள கோடுகள் அந்த ஃபில்லருக்கு மட்டும் உரியவை. ஒன்றில் மேல் கோடு 1 மில்லியாக இருக்கும், இன்னொன்றில் 0.5-ஆக இருக்கும். “ஒரு ஃபில்லர்” என்பது ஓர் அளவே இல்லை. சொட்டை எண்ணுவதும் சரிவராது. ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்பது தண்ணீர் மாதிரி மெல்லியதாக ஓடும் திரவத்துக்குச் சொல்லும் பொதுக்கணக்கு. மருந்தின் பிசுபிசுப்பையும் ஃபில்லர் முனையின் தடிமனையும் பொறுத்துச் சொட்டின் அளவு மாறும். நம் வீட்டு டீஸ்பூனும் எல்லாம் 5 மில்லி பிடிப்பதில்லை. பாலாடை, சங்கு ஆகியவை ஊட்டுவதற்கு நல்லவை. ஆனால் அவற்றில் அளவுக் கோடு கிடையாது. அளந்ததை அதில் ஊற்றி ஊட்டலாம், அதிலேயே அளக்கக் கூடாது. ஃபில்லர் உடைந்துவிட்டால் மெடிக்கலில் ஊசி இல்லாத 1 மில்லி அல்லது 2 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளலாம். சில ரூபாய்தான், எல்லாவற்றையும்விடச் சரியாக அளக்கும்.

அளக்கும்போது ஃபில்லரைச் செங்குத்தாகப் பிடித்து, கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். நடுவே காற்றுக்குமிழி இருந்தால் பாட்டிலுக்குள் திருப்பி விட்டு மறுபடி இழுங்கள். சின்னக் குமிழிகூட அரை மில்லி மருந்தில் நல்ல பங்கை விழுங்கிவிடும். குழந்தையை நிமிர்த்தி மடியில் உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாக, கொஞ்சம் பின்னால் தள்ளி, மெதுவாக விடுங்கள். நேராகத் தொண்டையில் பீய்ச்சினால் புரையேறும். வாயில் வைத்த ஃபில்லரைக் கழுவாமல் மறுபடி பாட்டிலுக்குள் விடாதீர்கள். அரசு சிரப் பாட்டிலில் ஒரு தடவைக்கு 1 மில்லி மட்டும் வரும்படி தானியங்கி அளவுமூடி பொருத்தித் தர வேண்டும் என்பது விதி. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்பூனில் ஊற்றுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

“கருப்பாப் போகுது, பல்லும் கறுக்குது. நிறுத்திடலாம்.”

உறிஞ்சப்படாத இரும்பு மலத்தைக் கருமையாக்கும். இது எதிர்பார்க்க வேண்டியதே, நிறுத்தக் காரணமில்லை. ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனாலோ, சிவப்பு கலந்திருந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். பல்லில் படிவது கறைதான், சொத்தை அல்ல. கன்னப் பக்கமாக விட்டு, பிறகு இரண்டு வாய் தண்ணீர் கொடுத்தால் குறையும்.

வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும் குழந்தைக்கு, சாப்பிட்டு அரைமணி கழித்துக் கொடுங்கள். பாலிலோ டீயிலோ கலந்து கொடுப்பதுதான் பெரிய தவறு. பாலில் உள்ள கால்சியமும் டீயின் துவர்ப்புப் பொருளும் இரும்பை உறிஞ்ச விடாமல் தடுத்துவிடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் தடுப்பு மருந்தை நிறுத்திவைத்து, குணமானதும் தொடரலாம். தலசீமியா உள்ள, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைக்கு இந்த மருந்தை நாமாகக் கொடுக்கவே கூடாது.

நாமக்கல் முட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். “தினமும் ஒரு முட்டை குடுக்கறோம், மருந்து எதுக்குங்க?” என்று கேட்பார்கள். முட்டை மிக நல்ல புரதம், கட்டாயம் கொடுங்கள். ஆனால் ஒரு முட்டையில் இருக்கும் இரும்பு சுமார் 1 மில்லிகிராம்தான், அதிலும் சிறு பகுதியே உடலில் சேரும். இங்கே இணை உணவாக அதிகம் கொடுக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. பேரீச்சம்பழ சிரப்பும் மருந்துக்கு ஈடாகாது.

“சத்து டானிக்தானே, கூடப் போனா ஒண்ணும் ஆகாது.”

எல்லா இரும்பு மருந்துப் பாட்டிலிலும் “குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்” என்று இருக்கும். எல்லா மருந்திலும் போடுகிற வாசகம்தானே என்று கடந்துபோகிறோம். இரும்பு விஷயத்தில் அது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிர்போகும் நச்சு விபத்துகளுக்கு இரும்பு மருந்து ஒரு முக்கியக் காரணம் என்ற எச்சரிக்கையை இரும்பு மாத்திரை லேபிளில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 1997-இல் கட்டாயமாக்கியது. இனிப்பாக, பழவாசனையோடு இருக்கும் சிரப்பை இரண்டு வயது அண்ணன் எடுத்துக் குடித்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

அந்த அண்ணனின் எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் வாந்தி, வயிற்றுவலி தொடங்கும். 60-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அரசு சிரப்பில் 12 மில்லி குடித்தாலே முதல் எல்லை. 36 மில்லியில் இரண்டாவது எல்லை. 50 மில்லிகிராம் டிராப்ஸ் என்றால் 5 மில்லிக்குள்ளேயே முதல் எல்லை தாண்டிவிடும். அந்தச் சின்ன 15 மில்லி பாட்டில் முழுவதும் உள்ளே போனால் இரண்டாவதும் தாண்டிவிடும்.

இதில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, சில சமயம் ரத்தமும் வரும். பிறகு குழந்தை தெளிந்ததுபோல் விளையாடும். “சரியாப் போச்சு” என்று விட்டுவிடுவார்கள். கிட்டத்தட்ட ஒரு நாள் வரைகூட நீளும் இந்தத் தெளிவுக்குள்ளே இரும்பு ரத்தத்தில் ஏறி, கல்லீரலையும் ரத்த ஓட்டத்தையும் பாதித்துக்கொண்டிருக்கும். அதனால் குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பல நச்சுகளுக்குக் கொடுக்கும் மருத்துவக் கரி இரும்பைப் பிடிக்காது, ஆகவே அதையும் வீட்டில் முயல வேண்டாம். உடலில் கலந்த இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஸ்ஃபெராக்ஸமின் ஊசி மருத்துவமனையில்தான் போட முடியும். 108-ஐ அழைத்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எது பக்கமோ அங்கே போங்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் முன்னே எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம், எத்தனை மணிக்குக் குடித்தது, குழந்தையின் எடை என்ன என்று சொன்னால், லேபிளில் உள்ள எண்ணை வைத்து எத்தனை மில்லிகிராம் உள்ளே போயிருக்கும் என்று டாக்டர் அங்கேயே கணக்கிட்டுவிடுவார்.