ஒரே விசா, மூன்று ஊர்: ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க எந்த நகரம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படித்து முடித்த பிள்ளைகள் பலருக்கு ஜெர்மனிமேல் ஒரு கண். தொழிற்பேட்டையில் லேத்தும் மில்லிங் மெஷினும் ஓடுகிற சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் வீட்டில் பேச்சு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் தரவரிசையோடு நின்றுவிடுகிறது. எந்த ஊர் என்பதை இடம் கிடைத்த பிறகுதான் யோசிக்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் அது.

காரணம் எளிது. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுக்கலாம். எந்த ஊரில் படித்தாலும் தொகை இதேதான். பகுதிநேர வேலைச் சட்டமும் நாடு முழுக்க ஒன்றே. ஊருக்கு ஊர் மாறுவது வாடகை, கல்விக் கட்டணம், கிடைக்கிற வேலை, சுற்றியிருக்கும் மனிதர்கள். மியூனிக், ஆகென், கெம்னிட்ஸ் ஆகிய மூன்று ஊர்களை வைத்து இதைப் பார்க்கலாம். மூன்றிலும் இயந்திரவியலுக்குப் பேர்போன தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் உண்டு.

மாதக் கணக்கு

முதலில் எல்லா ஊருக்கும் பொதுவான செலவு. மாணவர் மருத்துவக் காப்பீடு சுமார் 150 யூரோ, வீட்டில் சமைத்துச் சாப்பிட 220, போன் முதல் துணிமணி வரை மற்றவற்றுக்கு 100. மொத்தம் 470. கையில் வரும் 992-இல் இது போனால் வாடகைக்கு மிஞ்சுவது 522 யூரோ.

பகிர்ந்து தங்கும் வீட்டில் ஓர் அறைக்கு மியூனிக்கில் 800 யூரோ அளவுக்கு ஆகும். ஆகெனில் 450, கெம்னிட்ஸில் 300 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மியூனிக்கில் மாதம் 278 யூரோ துண்டு விழும். ஆகெனில் 72 யூரோ மிஞ்சும், கெம்னிட்ஸில் 222 யூரோ.

அடுத்தது கட்டணம். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்ற பேச்சு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் முதுகலை மாணவர்களிடம் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. ஆகெனில் வழக்கமான படிப்புகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கேயே இண்டர்நேஷனல் அகாடமி மூலம் நடத்தப்படும் சில ஆங்கிலவழிப் படிப்புகளுக்குப் பெரிய தொகை உண்டு. படிப்பின் பக்கத்தில் நடத்துவது யார் என்று பார்த்துவிடுங்கள். கெம்னிட்ஸில் பருவப் பங்களிப்புத் தொகை மட்டும்தான்.

யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலும் முதல் ஆண்டுக்குக் காட்ட வேண்டியதே சுமார் 12 லட்சம். பொதுத்துறை வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் வீட்டுப் பத்திரம்தான். அதனால் மேற்கொண்டு ஏறுகிற ஒவ்வொரு லட்சத்தையும் எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

"வேலைக்குப் போய்க்கிட்டே படிச்சுக்கலாம்ல?"

எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி இது. 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். நான்கு மணி நேரம் வரை அரை நாள். வகுப்புகள் நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரத்துக்குள் வேலை செய்தால் அந்த வாரத்தை இரண்டரை நாளாகக் கணக்கிட்டுக்கொள்ளவும் வழியுண்டு. பேராசிரியரிடமோ ஆய்வகத்திலோ பார்க்கும் மாணவர் உதவியாளர் வேலை இந்த நாள்கணக்கில் சேராது.

குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. இதை வைத்து ஆவடிப் பையன் ஒருவனின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பருவத்துக்கு 6,000 யூரோ என்றால் மாதத்துக்கு 1,000. ஏற்கெனவே விழுந்த துண்டையும் சேர்த்தால் 1,278. வாரம் 20 மணி நேரம் முழுதாக உழைத்தாலும் குறைந்தபட்ச ஊதியத்தில் மாதம் 1,200 யூரோ அளவுக்குத்தான் வரும். ஓய்வூதியப் பிடித்தம் வேறு. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு உழைத்தும் கணக்கு நேராகாது. அதே மியூனிக்கில் கட்டணம் இல்லாத கல்விக்கூடத்தில் சேர்ந்தால் மாதம் 20 மணி நேர வேலையிலேயே அந்த 278 யூரோ வந்துவிடும். ஊரின் பெயர் ஒன்றுதான் என்றாலும் நிலைமை தலைகீழ்.

பகுதிநேர வேலை முதல் மாதமே கிடைக்கும் என்று நம்பக் கூடாது. கடையிலும் கிடங்கிலும்கூட ஜெர்மன் பேச வேண்டியிருக்கும். மியூனிக்கில் பெரிய கார் நிறுவனங்கள் இருப்பதால் துறை சார்ந்த மாணவர் வேலைகள் நிறைய, ஊதியமும் கூடுதல். ஆகெனில் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையங்களே பெரிய வேலை வாய்ப்பு. கெம்னிட்ஸில் வாடகை குறைவு, வேலைகளும் குறைவு. மொழி தெரியாதவருக்கு இன்னும் சிரமம்.

இதை இங்கிருந்தே சோதிக்கலாம். stepstone.de-இல் Werkstudent Maschinenbau என்று தட்டி ஊர்ப் பெயரைக் கொடுங்கள். எத்தனை விளம்பரம் வருகிறது, அவற்றில் எத்தனை ஜெர்மன் பி2 கேட்கின்றன என்று எண்ணினால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகு, நுங்கம்பாக்கம் மேக்ஸ்முல்லர் பவனில் பி1 வரை முடித்துவிட்டுப் போவது எவ்வளவு முக்கியம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை: மேலே சொன்ன 140 நாள் சட்டம் சம்பள வேலைக்குத்தான். சுயதொழிலாகவோ ஃப்ரீலான்ஸாகவோ செய்ய வெளிநாட்டினர் அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். சில உணவு டெலிவரி ஒப்பந்தங்கள் அந்த வகையில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

தங்குமிடமும் சூழலும்

அறை தேடும்போது wg-gesucht.de-இல் வாடகை இரண்டு விதமாக இருக்கும்: Kaltmiete என்றால் வெறும் வாடகை, Warmmiete என்றால் வெந்நீர், ஹீட்டர் போன்றவையும் சேர்ந்தது. இரண்டாவதை மட்டும் ஒப்பிடுங்கள். முன்பணம் வெறும் வாடகையின் மூன்று மாதத்துக்கு மேல் கேட்க சட்டம் இடம்தராது. அறையைக் காட்டாமல், வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் அது மோசடி. மியூனிக்கில் மாணவர் விடுதிக்குப் பல பருவங்கள் காத்திருக்க நேரும். இடம் உறுதியான அன்றே விண்ணப்பியுங்கள்.

ஆகென் பெல்ஜியம், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய மாணவர் ஊர். அங்கிருந்து ஆர்.இ.1 ரயிலில் ஏறினால் கொலோன், எசன், டோர்ட்முண்ட் வழியாக ஹம் வரை போகலாம். ஹம்மில்தான் ஈழத்தமிழர் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. வழியெங்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. புழுங்கல் அரிசியும் கறித்தூளும் தேடி அலைய வேண்டாம்.

கெம்னிட்ஸ் பழைய கிழக்கு ஜெர்மனியின் தொழில் நகரம். 2018-இல் வெளிநாட்டினருக்கு எதிரான வன்முறை அங்கே நடந்தது. அதே ஊர் 2025-இல் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராகவும் இருந்தது. இரண்டையும் தெரிந்துகொண்டு, அங்கே இப்போது படிக்கும் தமிழ் மாணவர்களிடம் இரவுப் பயணம், அக்கம்பக்கம் பற்றி நேரடியாகக் கேளுங்கள்.

யாருக்கு எது?

கடன் குறைவாக இருக்க வேண்டும், பி1 முடித்தாகிவிட்டது என்றால் கெம்னிட்ஸ். மொழி இப்போதுதான் ஆரம்பம், ஆய்வக வேலை பிடிக்கும், தமிழர் துணையும் வேண்டும் என்றால் ஆகென். மியூனிக் வேண்டுமென்றால் முதலில் கட்டணம் இல்லாத கல்விக்கூடங்களைப் பாருங்கள். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்றால் முழுக் கட்டணத்தையும் உதவித்தொகையாகவோ கடனாகவோ கையில் உறுதி செய்துகொண்டு போங்கள். பகுதிநேரச் சம்பளத்தை எந்த ஊரிலும் முதல் ஆறு மாதக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இல்லாமலேயே நிற்கிற கணக்குதான் சரியான கணக்கு.