வாரம் ஒரு பதிவு, கையில் ஐந்து மணி நேரம்

ரெண்டாவது வருஷத்தில் ஒரு பிளாக் ஆரம்பிச்சேன். ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 மாதிரி போர்டுகளை வைத்துச் செய்யும் சின்னச் சின்ன புராஜெக்ட் பற்றித் தமிழில் எழுதுவது, ஞாயிறு தோறும் ஒரு பதிவு. ஆர்வத்தில் ஒரு ஷீட்டைத் திறந்து இடது பக்கம் பதினாறு ஞாயிறு, வலது பக்கம் பதினாறு தலைப்பு என்று போட்டு வைத்தேன். பார்க்க ரொம்ப அழகா இருந்துச்சு. ஐந்தாவது பதிவோட பிளாக் நின்னுடுச்சு.

சோம்பேறித்தனம்னுதான் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். பிறகு ஒரு நாள் அந்தப் பழைய ஷீட்டை எடுத்துப் பார்த்தப்பதான் புரிஞ்சது: ஆறாவது வாரம் முதல் இன்டர்னல்ஸ். அது ஷீட்டில் எங்கேயும் இல்லை. ஒரு பதிவு எழுத எத்தனை மணி நேரம் ஆகும் என்பதும் இல்லை. பதிவு வெளியாகும் தேதியை எழுதியிருந்தேனே தவிர, வேலை செய்யும் நாளை எழுதவே இல்லை.

தனியாக எழுதுபவருக்கு, அதுவும் வாரம் ஒரு பதிவுதான் முடியும் என்பவருக்கு, காலண்டரில் முதலில் வர வேண்டியது தலைப்பு இல்லை, நேரம். 2025 ஜூலையில் நான் திரும்ப ஆரம்பித்தபோது போட்ட காலண்டரையே எடுத்துக் காட்டுகிறேன். உங்க பிளாக் சமையலோ சினிமாவோ எதுவா இருந்தாலும் உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

முதலில் ரெண்டு பதிவுக்கு மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். சர்க்யூட் கட்டி ஓட்டிப் பார்த்து எழுதும் பெரிய பதிவு என்றால் டெஸ்ட் பண்ண 3 மணி, டிராஃப்ட் எழுத 2, போட்டோவும் படமும் 1, திருத்த 1, ஆக மொத்தம் 7 மணி நேரம். ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்க்கும் சின்ன பதிவுக்கு இரண்டரை மணி. (அளக்காம கேட்டிருந்தா பெரிய பதிவுக்கு நாலு மணி போதும்னு சத்தியம் பண்ணியிருப்பேன்.)

அடுத்து என்னிடம் இருக்கும் நேரம். செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஒன்றரை மணி வீதம் 3 மணி, சனிக்கிழமை காலையில் 2 மணி. வாரத்துக்கு 5. அப்போ வாரா வாரம் பெரிய பதிவு என்பது கணக்கிலேயே வராது. ரெண்டாவது வருஷம் நான் போட்டு வைத்திருந்த பதினாறும் பெரிய தலைப்பு என்பதை இங்கே சொல்லிடணும்.

பிறகு ஷீட்டில் ஜூலை 6 முதல் அக்டோபர் 19 வரை 16 ஞாயிறு. தலைப்பு எழுதுவதற்கு முன்னாடி, வேலை நடக்காத வாரங்களை அடித்துவிட்டேன். ஆகஸ்ட் 11-16 முதல் இன்டர்னல்ஸ், செப்டம்பர் 15-20 இரண்டாவது இன்டர்னல்ஸ், அக்டோபர் 13-18 மாடல் பிராக்டிகல், அதோட 20-ஆம் தேதி தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புவது. மூன்று வாரம் போச்சு. மீதி 13 வாரம், 65 மணி நேரம்.

ஒரு வாரம் பெரியது, ஒரு வாரம் சின்னது என்று மாற்றி மாற்றிப் போடலாம்னுதான் முதலில் தோணும். எட்டு பெரியதுக்கு 56 மணி, எட்டு சின்னதுக்கு 20 மணி, மொத்தம் 76. இருப்பது 65. பதினோரு மணி நேரம் குறையுது. அந்தப் பதினோரு மணி எப்படியும் தூக்கத்திலிருந்தோ ரெக்கார்டு நோட்டிலிருந்தோதான் வரும், கடைசியில் வராமலே போகும். ஐந்து பெரியது, பதினொன்று சின்னது என்று மாற்றினால் 35 + 27.5, அதாவது 62.5. இது உள்ளே அடங்குது. ஒரு செமஸ்டரில் ஐந்தே ஐந்து பெரிய பதிவு என்பதை ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஐந்து எதுன்னு யோசிச்சுத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினதே அப்புறம்தான்.

மொத்த மணி நேரம் அடங்கினால் மட்டும் போதாது, அது சரியான வாரத்தில் விழணும். பரீட்சை வாரத்து ஞாயிறுக்கான பதிவை முந்தைய வாரமே முடித்திருக்க வேண்டும். அதுக்காகத்தான் கையிருப்பு. ஜூன் விடுமுறையிலேயே ரெண்டு சின்ன பதிவை முழுசா எழுதி, போட்டோ சேர்த்து, வெளியிடாமல் வைத்தேன். இந்தப் பதினாறில் அவை சேராது. ஒன்று, ஈஎஸ்பி32-ல் 34-ஆம் பின்னில் எல்இடி ஏன் எரியவில்லை என்பது. (அந்த போர்டில் 34 முதல் 39 வரை உள்ள பின்கள் உள்ளீடு மட்டும்தான் வாங்கும்.) இன்னொன்று சீரியல் மானிட்டரில் குப்பை எழுத்து வந்தால் பாட் ரேட்டைச் சரிபார்ப்பது. எப்போது போட்டாலும் பழசாகாத விஷயம்தான் கையிருப்புக்கு ஆகும். "இந்த வாரம் நடந்த ஹேக்கத்தான்" என்பதைக் கையிருப்பில் வைக்க முடியாது.

இப்போ ஒரு பெரிய பதிவை எடுத்துப் பின்னாலிருந்து எண்ணிப் பார்ப்போம். தலைப்பு: "மோட்டார் ஓடினதும் ஈஎஸ்பி32 ஏன் ரீசெட் ஆகுது?" மோட்டார் கிளம்பும்போது கரன்ட்டை இழுக்க, சப்ளை வோல்டேஜ் விழுந்து, சீரியல் மானிட்டரில் `Brownout detector was triggered` என்று வரும். மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்தால் என்ன ஆகுது, கெப்பாசிட்டர் போட்டால் என்ன ஆகுது என்று ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்ட வேண்டும். வெளியாகும் நாள் ஆகஸ்ட் 24.

அதற்கு முந்தைய வாரம், 18 முதல் 23 வரை, டிராஃப்ட்டும் திருத்தமும்: 3 மணி. அதற்கும் முந்தைய வாரம் இன்டர்னல்ஸ், ஒன்றும் நடக்காது. அப்போ டெஸ்ட்டும் போட்டோவும் ஆகஸ்ட் 9 சனிக்கிழமைக்குள் முடியணும். அதற்கு மோட்டார் டிரைவரும் கெப்பாசிட்டரும் கையில் இருக்கணும், அதாவது ஜூலை 26-க்குள் ஆர்டர் போட்டாகணும். ஆகஸ்ட் 24-இல் வரும் ஒரு பதிவோட முதல் வேலை ஜூலை 26-இல் இருக்கு பாருங்க, பழைய ஷீட்டில் இது தெரியவே தெரியாது.

நேரம் போதுமா? ஜூலை 28-இலிருந்து ஆகஸ்ட் 9 வரை ரெண்டு வாரம், 10 மணி. டெஸ்ட், போட்டோவுக்கு 4. ஆகஸ்ட் 3, 10 ஞாயிறுகளுக்கு ரெண்டு சின்ன பதிவு, 5. மீதி 1 மணி. ஆகஸ்ட் 17-க்குக் கையிருப்பிலிருந்து ஒன்று போயிடும். அடுத்த வாரம் பெரிய பதிவுக்கு 3 போக 2 மணி மிச்சம். முன்னாடி மிஞ்சின 1 மணியில் ஒரு சின்ன பதிவுக்குக் குறிப்பு எடுத்து வைத்திருந்தால், இந்த 2 மணியில் அதை எழுதிக் கையிருப்பைத் திரும்ப இரண்டாக்கலாம். டெஸ்ட் பண்ணும்போதே அந்தச் சின்ன பதிவு கிடைச்சிடுச்சு. எனக்குப் பாதி நேரம் பிரெட்போர்டில் போனது. சில போர்டில் பவர் ரெயில் நடுவில் துண்டாக இருக்கும், அது தெரியாமல் தேடிக்கிட்டே இருந்தேன். அதுவே ஒரு பதிவு.

ஷீட்டில் ஐந்து காலம் போதும்: தேதி, தலைப்பு, வகை, நிலை, அடுத்த வேலை. முதல் தேதியை மட்டும் A2-இல் போட்டு, A3-இல் கீழே உள்ள முதல் வரியைப் போட்டு இழுத்துவிடுங்க. இரண்டாவது வரி கையிருப்பையும் சேர்த்து எத்தனை பதிவு தயார் என்று எண்ணும். கையிருப்புப் பதிவுகளைத் தேதி இல்லாமல் கடைசியில் எழுதி வைத்தால் அவையும் எண்ணிக்கையில் வரும். மூன்றாவது, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் போடும் விதி: மூன்று நாளில் வெளியாக வேண்டியது இன்னும் ரெடி இல்லைன்னா வரிசை சிவப்பாகும்.

```
=A2+7
=COUNTIF(D2:D30,"ரெடி")
=AND($A2>=TODAY(),$A2<=TODAY()+3,$D2<>"ரெடி")
```

(வெளியிட்டு நிலையை மாற்றிய பிறகும் அன்னைக்கு மட்டும் சிவப்பாவே நிற்கும். மறுநாள் போயிடும், கண்டுக்காதீங்க.)

ஐந்தாவது காலம்தான் முக்கியம். அதில் "எழுதணும்" என்று போட்டால் செவ்வாய் சாயங்காலம் உட்கார்ந்ததும் முதல் அரை மணி எங்கே ஆரம்பிப்பது என்பதிலேயே போயிடும். "மோட்டார் இணைத்த நிலையில் ரெண்டு போட்டோ" என்று போட்டால் நேரா கேமராவை எடுக்கலாம். ஒவ்வொரு முறை எழுந்திருக்கும் முன்னாடியும் அந்தக் கட்டத்தை மாற்றிவிட்டு எழுந்திருங்க. தலைப்பை நான்கு வாரத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். அதற்கப்புறம் வகை மட்டும், "பெரியது" அல்லது "சின்னது", போதும். பதினாறு தலைப்பையும் ஜூலையிலேயே முடிவு பண்ணினால், செப்டம்பரில் அதில் பாதி உங்களுக்கே பிடிக்காது.

ஒரு ஞாயிறு தவறினால் என்ன செய்வது? எல்லா வரிசையையும் ஒரு வாரம் கீழே தள்ளத்தான் கை போகும். தள்ளாதீங்க. தள்ளினால், பரீட்சைக்குத் தள்ளி வைத்திருந்த பெரிய பதிவு நேரா இன்டர்னல்ஸ் வாரத்தில் போய் விழும். அந்த ஞாயிறை வெறுமையாக விட்டுவிட்டு, வரப்போகும் சின்ன பதிவுகளில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தவறினதைப் போடுங்க. தவறினது பெரியது என்றால், அதில் பாக்கி வேலை இரண்டரை மணிக்குள் இருந்தால்தான் இது சரிப்படும். ஒரே பதிவு ரெண்டு முறை நகர்ந்தால் அதன் தலைப்பு பெரிதாக இருக்கு என்று அர்த்தம். "ஐஓடி வீடு கட்டுவது எப்படி" என்று ஒன்று என்னிடம் மூன்று முறை நகர்ந்தது. அதை "ரிலேவை ஈஎஸ்பி32-ல் இணைப்பது" என்று சுருக்கினதும் முடிந்தது. கையிருப்பு பூஜ்யமாகி ரெண்டு வாரம் அப்படியே இருந்தால், அடுத்த பெரியதைச் சின்னதாக மாற்றிவிடணும். மிஞ்சும் நாலரை மணியில் கையிருப்புக்கு ஒன்று எழுதிடலாம்.

வெளியிடுவதை முன்கூட்டியே ஷெட்யூல் பண்ணி வைப்பவர்கள் நேர மண்டலத்தை ஒருமுறை பாருங்க. வேர்ட்பிரஸில் அது `UTC` என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. காலை 9 மணிக்கு என்று போட்ட பதிவு மதியம் 2:30-க்கு வந்தது. அக்டோபர் 19 பதிவுக்கு மாற்றி வைத்திருந்தேன். காலை 9 மணிக்கு அது வந்தப்ப நான் ஊருக்குப் போற பஸ்ஸில் நின்னுட்டு இருந்தேன்.