சி மொழியில் கரண்ட் பில் கணக்கு: ஒரு யூனிட்டில் 656 ரூபாய் எகிறும் ஏணி

முதலாம் ஆண்டு மாணவர்களின் சி லேப் நோட்டில் கட்டாயம் இருக்கும் புரோகிராம், கரண்ட் பில் கணக்கிடுவது. if else ஏணியைப் பழகுவதற்காகத் தருகிறார்கள். என் சித்தப்பா மகள் இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் அவள் முதலில் எழுதிய புரோகிராம்களில் இதுவும் ஒன்று. அவளுடைய லேப் நோட்டில் இருந்த ரேட் ஏதோ கற்பனை ரேட். அதற்குப் பதிலாக நிஜ ரேட் ஒன்றை வைத்து எழுதிப் பார்ப்போம் என்றேன். கணக்கு உடனே சுவாரஸ்யமாகிவிட்டது.

நாங்கள் எடுத்துக் கொண்டது தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2022 செப்டம்பர் வரை இருந்த பழைய கட்டணம். அதன் பிறகு ரேட் மாறிவிட்டது. ஆனால் ஏணியைப் புரிந்து கொள்ள அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதத்திற்கு ஒரு பில். 100 யூனிட் வரை ஓடினால் பணமே இல்லை. 200 வரை ஓடினால் முதல் 100 இலவசம், மீதிக்கு யூனிட்டுக்கு 1.50 ரூபாய், அத்துடன் நிலைக் கட்டணம் 20 ரூபாய். 500 வரை ஓடினால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2 ரூபாய், அதற்கு மேல் 3 ரூபாய், நிலைக் கட்டணம் 30 ரூபாய். 500ஐத் தாண்டினால் முதல் 100 இலவசம்தான். ஆனால் அடுத்த 100க்கு 3.50, அடுத்த 300க்கு 4.60, 500க்கு மேற்பட்டதற்கு 6.60, நிலைக் கட்டணம் 50 ரூபாய்.

மேலே உள்ளதை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். 101வது யூனிட்டின் விலை என்ன? மொத்தம் எத்தனை யூனிட் ஓடியது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 150 யூனிட் வீட்டில் 1.50, 300 யூனிட் வீட்டில் 2 ரூபாய், 600 யூனிட் வீட்டில் 3.50. ஆகவே புரோகிராம் முதலில் வீடு எந்தப் பிரிவில் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பிரிவுக்கான ரேட்டில் துண்டு துண்டாகக் கணக்கிட வேண்டும். பிரிவைக் கண்டுபிடிக்கும் வேலையைத்தான் if else ஏணி செய்கிறது.

கோட்பிளாக்ஸ் அல்லது உங்களிடம் உள்ள வேறு சி கம்பைலரைத் திறந்து, கீழே உள்ளதை டைப் செய்து, ebill.c என்ற பெயரில் சேவ் செய்யுங்கள். கோட்பிளாக்ஸ் என்றால் F9 அழுத்தினால் புரோகிராம் ஓடும்.

```c
#include <stdio.h>

int main()
{
    int u;
    double amt;

    printf("Units: ");
    scanf("%d", &u);

    if (u <= 100)
        amt = 0;
    else if (u <= 200)
        amt = (u - 100) * 1.50 + 20;
    else if (u <= 500)
        amt = 100 * 2.00 + (u - 200) * 3.00 + 30;
    else
        amt = 100 * 3.50 + 300 * 4.60
              + (u - 500) * 6.60 + 50;

    printf("Rs. %.2f\n", amt);
    return 0;
}
```

250 என்று கொடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே வருகிறது. 100க்குள்ளா? இல்லை. 200க்குள்ளா? இல்லை. 500க்குள்ளா? ஆம். அங்கேயே நின்று அந்த வரியை மட்டும் செய்கிறது. இலவச 100 போக, அடுத்த 100க்கு 200 ரூபாய், மீதி 50க்கு 150 ரூபாய், நிலைக் கட்டணம் 30. திரையில் 380.00 வரும். மூன்றாவது படியில் u > 200 என்று தனியாகக் கேட்கவில்லை, கவனித்தீர்களா? மேல் படியில் இல்லை என்ற பதில் வந்ததால்தான் இங்கே வந்திருக்கிறது. அதனால் மறுபடி கேட்கத் தேவையில்லை.

இந்த else என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் if, if, if என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். கம்பைலர் எந்தப் பிழையும் காட்டாது. 150 யூனிட் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டாவது if சரியாக 95 ரூபாய் என்று கணக்கிடும். ஆனால் 150 என்பது 500க்கும் குறைவுதானே? மூன்றாவது if-ம் சரி என்று ஆகி, (150 - 200) * 3 என்பதை மைனஸ் 150 ஆக எடுத்துக் கொண்டு, 95ஐ அழித்துவிட்டு 80 ரூபாய் என்று எழுதிவிடும். u <= 500 படியை ஏணியின் உச்சியில் வைத்தாலும் இதே 80தான் வரும். தப்பான விடை மைனஸில் வந்தால் உடனே கண்ணில் படும். 80 ரூபாய் பார்க்க ஒழுங்கான பில் மாதிரியே இருக்கிறது, அதுதான் ஆபத்து.

மற்றொரு வழக்கமான தவறு, மொத்த யூனிட்டையும் கடைசி ரேட்டால் பெருக்குவது. 250 * 3 என்று போட்டால் 750 வரும். நாம் பார்த்த சரியான விடை 380. மின்சாரக் கட்டணத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் அதற்குரிய ரேட் என்பதை மறந்தால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே புரோகிராமைச் சோதிக்கும்போது 150, 250 போன்ற நடு எண்களோடு விட்டுவிடாதீர்கள். படி மாறும் இடத்தில் இரு பக்கமும் கொடுத்துப் பாருங்கள். 100க்கு 0, 101க்கு 21.50 வர வேண்டும். 200க்கு 170, 201க்கு 233. இப்போது 500 கொடுங்கள், 1130.00 வரும். 501 கொடுங்கள், 1786.60!

இந்த இடத்தில் என் தங்கை, "அண்ணா, புரோகிராம்ல ஏதோ தப்பு இருக்கு" என்றாள். தப்பு இல்லை. ஒரே ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய் 60 காசு கூடியது நிஜம். பேப்பரில் போட்டுப் பாருங்கள். 501வது யூனிட்டின் விலை 6.60தான். ஆனால் அந்த ஒரு யூனிட்டால் வீடு அடுத்த பிரிவுக்குப் போய்விடுகிறது. ஏற்கெனவே ஓடிய 101 முதல் 200 வரைக்கும் 1.50 கூடுதல், அது 150 ரூபாய். 201 முதல் 500 வரைக்கும் 1.60 கூடுதல், அது 480 ரூபாய். நிலைக் கட்டணத்தில் 20 ரூபாய். எல்லாம் சேர்த்தால் 656.60.

ரீடிங் எடுக்கும் தேதி தள்ளிப் போனால் வீட்டில் பெரியவர்கள் ஏன் பதறினார்கள் என்பது இப்போது புரியும். ஒரு நாளைக்கு 8 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். 60 நாளில் 480 யூனிட், பில் 1070 ரூபாய். ரீடிங் மூன்று நாள் கழித்து எடுக்கப்பட்டால் 504 யூனிட், பில் 1806.40. மூன்று நாள் கரண்டுக்கு 736 ரூபாய்!

2022 செப்டம்பரில் வந்த மாற்றத்தில் வீடுகளுக்கான நிலைக் கட்டணம் எடுக்கப்பட்டது. 500 என்ற கோடு அப்போதும் இருந்தது. அதற்கு மேல் 600, 800, 1000 என்று படிகள் கூடின. இப்போதைய ரேட்டில் புரோகிராம் வேண்டுமானால், நடப்புக் கட்டணப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு புதுப் படிக்கும் ஒரு else if சேர்த்திடவும். அந்தப் படிக்குக் கீழே முழுதாக முடிந்த துண்டுகளை, நாம் 100 * 3.50 + 300 * 4.60 என்று எழுதியது போல எண்ணாகவே எழுதிவிடலாம். முடித்த பின் உங்கள் வீட்டுப் பில்லில் உள்ள யூனிட்டைக் கொடுத்து, மின் கட்டணத் தொகையோடு ஒப்பிடுங்கள். நிலுவை, அபராதம் போன்றவை தனி வரியில் இருந்தால் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

யூனிட்டுக்குப் பதிலாக இரண்டு ரீடிங்கையும் வாங்கி, இப்போதையதில் இருந்து பழையதைக் கழித்துக் கொள்ளும்படி மாற்றலாம். அப்படிச் செய்தால் ஏணியின் முதல் படியாக u < 0 என்ற சோதனையைச் சேர்த்து, ரீடிங் தவறு என்று காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், மீட்டரை மாற்றிய வீட்டிலோ எண்களை மாற்றி டைப் செய்தாலோ யூனிட் மைனஸில் வரும். மைனஸ் எண் எதுவானாலும் 100ஐ விடக் குறைவுதான் என்பதால், புரோகிராம் பில் 0 ரூபாய் என்று சொல்லிவிடும்.