ஒரே நெடுக்கம், இரு கோணங்கள்

கூடுதல் 90° ஆகும் இரு எறிகோணங்களுக்குக் கிடைத்தள நெடுக்கம் சமம் என்பதை மேல்நிலை வகுப்பில் sin 2θ கொண்டு நிறுவுகிறோம். நிரூபணம் சரிதான், ஆனால் காரணம் மாணவர் கண்ணில் படுவதில்லை. எனவே நான் எண்களிலிருந்து தொடங்குகிறேன்.

வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 53° கோணத்தில் ஒரு பந்தை எறிவதாகக் கொள்வோம். திசைவேகத்தின் செங்குத்துக் கூறு 40, கிடைத்தளக் கூறு 30. g = 10 எனில் மேலேற 4 வினாடி, கீழிறங்க 4 வினாடி. அந்த 8 வினாடியில் பந்து கடக்கும் கிடைத்தொலைவு 30 × 8 = 240 மீட்டர்.

இனி 37°. கூறுகள் இடம் மாறிக்கொள்கின்றன: செங்குத்து 30, கிடை 40. பறக்கும் நேரம் 6 வினாடி; 40 × 6 = 240. பறக்கும் நேரம் செங்குத்துக் கூறுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், நெடுக்கத்தைத் தீர்மானிப்பது இரு கூறுகளின் பெருக்கற்பலனே. இடம் மாறினாலும் அது மாறாது. பெரும உயரம்தான் 80 மீட்டர், 45 மீட்டர் என வேறுபடும்.

நீர்த்தாரையைக் கொண்டு செய்து காட்டும்போது குழாய் முனையை மேசைமீது வைத்து, தரையில் விழும் இடத்தை அளந்தால் விடை பொருந்தாது. 37° தாரை சாய்வு குறைவாக இறங்குவதால், மேசை உயரத்தைக் கடந்து விழும் நேரத்தில் அதிகத் தொலைவு போய்விடும். அதனால் முனையைத் தரைமட்டத்திலேயே வைக்கிறேன்.