0.72 ஏக்கரா, 0.61 ஏக்கரா?

கேள்வி: வழக்கறிஞர் ஐயா, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ரிங்லெட் பக்கம் ஒரு காய்கறி நிலத்தை வாங்கப் பேசியிருக்கிறேன். ஏக்கர் ஐந்து லட்சம் வெள்ளி. விற்பவர் 0.72 ஏக்கர் என்கிறார். ஆனால் நிலப்பட்டாவில் 2,478 சதுர மீட்டர் என்றுதான் இருக்கிறது. வரைபடத்தில் உள்ள பக்க அளவுகள் 52, 56, 39, 63 மீட்டர். எதிரெதிர்ப் பக்கங்களைச் சராசரி எடுத்துப் பெருக்கி, 63 மீட்டர் பக்கத்தை ஒட்டிய ஓடைக்கரையையும் சேர்த்தால் தம் கணக்கு சரியாக வரும், பட்டாதான் பழைய தவறு என்கிறார். எதை நம்புவது?

பதில்: பட்டாவை நம்புங்கள். ஏன் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

விற்பவர் சொல்லும் முறையில் 52-க்கும் 39-க்கும் சராசரி 45.5, 56-க்கும் 63-க்கும் 59.5. பெருக்கினால் 2,707 சதுர மீட்டர். நான்கு மூலைகளும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே இந்த முறை சரி. மூலை சாய்ந்த நிலத்தில் இது எப்போதும் கூட்டித்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. விற்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் பிடிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடிப்படைச் சிக்கல் என்னவென்றால், நான்கு பக்க அளவுகள் மட்டும் ஒரு நிலத்தின் பரப்பைத் தீர்மானிப்பதில்லை. குறுக்குச் சட்டம் அடிக்காத மரச்சட்டம் போல அதே நான்கு பக்கங்களை வைத்து நிலத்தைச் சாய்த்துக்கொண்டே போகலாம். பரப்பும் மாறிக்கொண்டே போகும். மூலைவிட்டம் ஒன்று தெரிந்தால்தான் வடிவம் நிலைக்கும். நில அளவைத் துறையின் சான்றளிக்கப்பட்ட வரைபடத்தில் ஒவ்வொரு எல்லைக்கோட்டுக்கும் நீளத்தோடு திசைக்கோணமும் இருக்கும். 52, 56 மீட்டர் கோடுகள் சந்திக்கும் மூலையின் கோணத்தை அதிலிருந்து பெறலாம். அது ஏறத்தாழ 67 பாகை 23 கலை என்று இருந்தால் மூலைவிட்டம் 60 மீட்டர்.

இப்போது நிலம் இரண்டு முக்கோணங்கள். முதலாவது 52, 56, 60. மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் 84. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 32, 28, 24. இந்த நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1,344. இரண்டாவது 60, 39, 63. இதே வழியில் 1,134. மொத்தம் 2,478 சதுர மீட்டர், அதாவது 0.61 ஏக்கர். உங்கள் பட்டாவில் உள்ள அதே எண்.

அடுத்து ஓடைக்கரை. 63 மீட்டர் எல்லைக்கோட்டை 21 மீட்டருக்கு ஒன்றாகப் பிரித்து, இடையில் வரும் இரண்டு புள்ளிகளிலிருந்தும் ஓடைவரை செங்குத்தாக அளந்தால் உதாரணத்துக்கு 4 மீட்டர், 6 மீட்டர் என வருகிறது என்று வையுங்கள். இரு முனைகளிலும் ஓடை கோட்டைத் தொட்டால், முனைகளில் 42, 63 என இரண்டு முக்கோணங்கள், நடுவில் 105 என ஒரு சரிவகம். மொத்தம் 210 சதுர மீட்டர். இதை 2,707-உடன் சேர்த்தால் விற்பவரின் 0.72 ஏக்கர் வந்துவிடுகிறது!

ஆனால் அந்த 210 உங்களுக்கு வராது. தேசிய நிலச் சட்டத்தின் 396-ஆம் பிரிவுப்படி, அளக்கப்பட்ட நிலத்தின் எல்லைகள் நேர்கோடுகள். கோட்டுக்கு அப்பால் உள்ள கரை பட்டாவில் அடங்காது. அது அரசு நிலமாக இருந்தால், எத்தனை வருடம் முட்டைக்கோஸ் போட்டிருந்தாலும் அனுபவத்தால் உரிமை வராது என்று 48-ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதியின்றிப் பயன்படுத்துவது 425-ஆம் பிரிவின் கீழ் குற்றம். தற்காலிக உரிமம் இருப்பதாக அவர் காட்டினாலும் பயனில்லை. அந்த உரிமத்தைக் கைமாற்ற 68-ஆம் பிரிவு இடம் தரவில்லை. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். கேமரன் மலையில் அதிகம் பேர் ஏமாறும் இடம் இது.

விற்பவர் நாடாவைப் பிடித்து மறுபடி அளந்து காட்டினால் இன்னும் பெரிய எண் வரலாம். 25 பாகைச் சரிவில் தரையோடு போட்ட 60 மீட்டர், கிடைமட்டத்தில் 54.4 மீட்டர்தான். சட்டம் கணக்கில் எடுப்பது கிடைமட்டத்தை. (1885-இல் இந்த மலையைக் குறித்துவிட்டுப் போன வில்லியம் கேமரன் ஒரு நில அளவையாளர். அவர் பெயர் கொண்ட ஊரில் இப்படி ஒரு வழக்கு!)

ஆகவே ஒப்பந்தத்தில் விலையை 2,478 சதுர மீட்டருக்கு எழுதச் சொல்லுங்கள். வித்தியாசம் ஏறத்தாழ 54,000 வெள்ளி. கையெழுத்துக்கு முன் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து, பட்டா இறுதிப் பட்டாவா, தற்காலிகப் பட்டாவா என்று பாருங்கள். தற்காலிகப் பட்டாவாக இருந்தால் அதிலுள்ள பரப்பும் உத்தேசமே; இறுதி அளவைக்குப் பின் கூடலாம், குறையலாம். அப்போது ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று விலையை எழுதி, இறுதிப் பரப்புக்கு ஏற்பக் கழித்தோ கூட்டியோ கொடுக்கும் நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். எல்லைக்கல் காணாமல் போயிருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து மறுபடி நடச் சொல்லுங்கள். அந்தச் செலவை விற்பவர் ஏற்பதாகவும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.