ஒரு சொல்லா, இரு சொற்களா? ஆங்கிலத்தில் ஓர் இடைவெளி செய்யும் வேலை

"ஒரு வேளை மாத்திரை எடுங்கள்" என்று மருத்துவர் எழுதினால், நாளுக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும் என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். அதே சொற்களைச் சேர்த்து "ஒருவேளை" என்று எழுதிவிட்டால், எடுப்பதா விடுவதா என்ற ஐயம் வந்து சேர்கிறது. ஆங்கிலத்திலும் இப்படிப் பல இணைகள் உண்டு. அவற்றை ஒலி கொண்டு பிரித்தறிவது கடினம். கணினியின் எழுத்துப்பிழை திருத்தியும் பெரும்பாலும் உதவாது. சேர்ந்த வடிவமும் பிரிந்த வடிவமும் தனித்தனியே சரியான சொற்கள் என்பதால், பிழையான இடத்தில் நின்றாலும் திருத்தி அவற்றின் கீழே கோடிடாமல் விட்டுவிடக்கூடும்.

இவற்றுள் நமக்கு மிகுந்த செலவு வைப்பது "மே பி", "மேபி" என்னும் இணையே. பிறம்ரன் தெருக்களில் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை வாகனம் நிறுத்தலாகாது. பனி அகற்றும் பணிக்குத் தடையாக நிற்கும் வாகனங்கள் பற்றிய அறிவித்தல்களில், தண்டம் விதித்தல், இழுத்துச் செல்லுதல் ஆகியவற்றின் முன்னே "மே பி" என்ற இரு சொற்களைக் காண்கிறோம். இதைக் காதால் கேட்டு "மேபி" என்று கொள்பவர், "இழுத்தாலும் இழுப்பார்கள், விட்டாலும் விடுவார்கள்" என்று ஆறுதல் அடைகிறார். அங்கே எழுதப்பட்டிருப்பது அதுவன்று. அறிவித்தலில் "மே" என்பது துணைவினை. அச்செயலைச் செய்யும் அதிகாரம் உண்டு என்பதை அது சொல்கிறது. "பி" என்பது அதைத் தொடரும் வினை. தமிழில் இதை "இழுத்துச் செல்லப்படலாம்" என்று பெயர்த்தாலும் அதே மயக்கம் மிஞ்சுகிறது என்பது என் எண்ணம். "இழுத்துச் செல்லும் அதிகாரம் உண்டு" என்று மனத்தில் வாசித்துக்கொண்டால் வாகனம் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடும்.

எழுதும்போது இவ்விரண்டையும் பிரித்தறிய, ஐயத்துக்குரிய சொல்லை நீக்கிப் பாருங்கள். "மேபி தி ஒஃபிஸ் இஸ் ஓப்பன்" என்ற வாக்கியத்தில் முதற்சொல்லை எடுத்தாலும் அலுவலகம் திறந்திருக்கிறது என்ற முழு வாக்கியம் எஞ்சும். ஆகவே அது "ஒருவேளை" என்னும் பொருளில் வரும் ஒரே சொல். "தி ஒஃபிஸ் மே பி ஓப்பன்" என்பதில் அவ்விரண்டையும் எடுத்தால் வினையே இல்லாத துண்டு கிடக்கும். ஆகவே அங்கே அவை வினைச்சொற்கள். பிரித்தே எழுத வேண்டும். "மேபி" வரும் இடத்தில் "பெர்ஹாப்ஸ்" என்ற சொல்லை வைத்தும் சரிபார்க்கலாம்.

"எவ்ரி டே", "எவ்ரிடே" என்னும் இணைக்குத் தமிழே நல்ல அளவுகோல். "நாள்தோறும் நடக்கிறேன்" என்கிறோம். "அன்றாட நடக்கிறேன்" என்று எவரும் சொல்வதில்லை. "அன்றாட" என்பதற்குப் பின்னால் உடை, செலவு, வேலை என்று ஒரு பெயர்ச்சொல் வந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் சேர்த்தெழுதும் "எவ்ரிடே" இந்த "அன்றாட" என்பதற்கு ஒப்பானது. பொதுவாக ஒரு பெயரின் முன்னே நின்று, அது வழக்கமானது, சாதாரணமானது என்று அடைகொடுக்கும். பிரித்தெழுதும் "எவ்ரி டே" என்பதே "நாள்தோறும்". இடையில் "சிங்கிள்" என்ற சொல்லைச் செருகிப் பாருங்கள். "எவ்ரி சிங்கிள் டே" என்று வாக்கியம் இடறாமல் ஓடினால் அங்கே இடைவெளி தேவை. கடை வாயில்களில் "நாள்தோறும் திறந்திருக்கும்" என்று சொல்ல விரும்பிச் சேர்த்தெழுதிய பலகைகளை ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளோரும் தொங்கவிடுகிறார்கள். எனவே இதில் தடுமாறுவது நமக்கு மட்டும் உரிய குறையன்று. இன்று ஒரே சொல்லாக எழுதும் "டுடே" கூட ஒரு காலத்தில் இரு சொல்லாகவும், பின்னர் நடுவே சிறு கோடிட்டும் எழுதப்பட்டதே.

"இன் டு", "இன்டு" என்பதில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. தமிழில் "வீட்டிலிருந்து வந்தார்" என்பதற்கும் "வீட்டில் இருந்து சமைத்தார்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைவிற்கொள்ளுங்கள். முதலாவதில் "இருந்து" வெறும் உருபு. இரண்டாவதில் அதற்குத் தன் சொந்த வேலை உண்டு. ஆங்கிலத்திலும் "உள்ளே" என்ற திசையை மட்டும் காட்டினால், அல்லது ஒன்று வேறொன்றாக மாறுவதைக் காட்டினால், "இன்டு" சேர்ந்து நிற்கும். பிரிய வேண்டிய இடங்கள் இரண்டு. "டு" என்பதை அடுத்து ஒரு வினை வந்தால் அந்த "டு" வினைக்கே உரியது. பணம் செலுத்துவதற்காக உள்ளே வந்தேன் என்று எழுதும்போது "இன்" தனி, "டு" தனி. மற்றது, முன்னே உள்ள வினை "இன்" என்பதைத் தன்னோடு சேர்த்துப் புதுப்பொருள் கொள்ளும் இடம். "டேர்ன்" என்றால் திரும்புதல்; "டேர்ன் இன்" என்றால் ஒப்படைத்தல். "லொக் இன்", "ஹான்ட் இன்" என்பவையும் இவ்வகையே. இவற்றின் "இன்" வினையை விட்டு அகலாது.

ஒருவர் ஓர் அலுவலகத்துக்கு எழுதும் நான்கு வரிகளைக் கற்பனை செய்துகொள்வோம். தாயார் நாள்தோறும் மருந்து எடுக்கிறார்; கட்டணம் செலுத்த வந்தேன்; படிவத்தை எழுதுவினைஞரிடம் ஒப்படைத்தேன்; அது உங்கள் மேசையில் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் அவர் சேர்த்தே எழுதிவிட்டார். முதல் வரியில் "எவ்ரிடே" என்பதை அடுத்துப் பெயர்ச்சொல் இல்லை. வரி அங்கேயே முடிகிறது. "சிங்கிள்" நன்றாகப் பொருந்துகிறது. ஆகவே பிரிக்க வேண்டும். இரண்டாம் வரியில் "இன்டு" என்பதன் பின்னே செலுத்துதல் என்னும் வினை நிற்கிறது, அதுவும் பிரியும். மூன்றாம் வரியை உள்ளவாறே வாசித்தால், நம்மவர் படிவத்தை எழுதுவினைஞராக உருமாற்றியிருக்கிறார்! "டேர்ன்" என்ற வினையை "இன்டு" தொடர்ந்தால் "வேறொன்றாக மாற்று" என்ற பொருள் வந்துவிடும். "டேர்ன்ட்" என்பதற்கும் "இன்" என்பதற்கும் நடுவே "படிவம்" வந்து அமர்ந்திருப்பதால் இப்பிழை கண்ணில் படுவது அரிது. ஆதலால் வினையையும் "இன்" என்பதையும் மனத்தில் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நான்காம் வரியில் "மேபி" என்பதை எடுத்துவிட்டால் வினை எஞ்சவில்லை; "மே பி" என்று பிரிப்பதே சரி.

"அலுவலகத்துக்கு வந்தேன்" என்பது போன்ற சில வரிகளில் இரு வடிவங்களும் பொருந்துவதுண்டு. அலுவலகத்தின் உள்ளே நுழைந்ததைச் சொல்வதானால் சேர்த்தெழுதலாம். "கம் இன்" என்பதை வருகை தந்ததாக எண்ணி, எவ்விடத்துக்கு என்பதைப் பின்னர் சொல்வதானால் பிரித்தெழுதலாம். இத்தகைய வரியில் தேர்ந்த பத்திரிகையாசிரியர்களும் உடன்படாதிருப்பர். அதற்காகக் கடிதத்தை அனுப்பாமல் வைத்திருக்க வேண்டாம்.