சில்லறையைச் சேர்த்துக் கட்டினால் கடன் எப்போது முடியும்?

கூலாயில் வீடு வாங்கிய என் மாமாவுக்குத் தவணைத் தொகையில் சென் வருவதே பிடிக்காது. “சில்லறை எதுக்கு? முழுசா ஆயிரத்து முந்நூறு கட்டிடுவோம்” என்பார். ஜொகூரில் பல வீடுகளில், குறிப்பாகச் சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வருவோரிடையே, இந்தப் பழக்கம் உண்டு. அப்படிக் கட்டும்போது கடன் எத்தனை மாதம் முன்னதாகத் தீரும் என்பதை, தமிழ்ப்பள்ளியில் படித்த கூட்டுவட்டிக் கணக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

கடன் 250,000 ரிங்கிட், வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு, காலம் 30 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். சரியான மாதத் தவணை 1,193.54 ரிங்கிட். முதல் மாத வட்டி மட்டும் 833.33 ரிங்கிட், ஆகவே அசலில் கழிவது 360.21 ரிங்கிட்தான். மாமா 1,300 கட்டினால் வட்டி அதேதான். கூடுதலாகக் கட்டிய 106.46 ரிங்கிட்டும் நேரே அசலில் கழிகிறது. அசல் குறைந்ததால் அடுத்த மாத வட்டியும் சற்றுக் குறைகிறது. இந்தச் சிறு வித்தியாசம் மாதாமாதம் பெருகுவதால்தான் காலம் சுருங்குகிறது.

எத்தனை மாதம் என்பதற்கு ஒரே சூத்திரம் போதும். P மீதக் கடன், r மாத வட்டி, A நாம் கட்டும் தொகை:

```
n = -ln(1 - P*r/A) / ln(1 + r)
```

கணினியில் விரிதாள் வைத்திருப்போர் இப்படித் தட்டினாலே விடை வரும்:

```
=NPER(4%/12,-1300,250000)
```

விடை 307.86. அதாவது 307 முழுத் தவணைகள், 308ஆவது மாதம் மட்டும் கொஞ்சம் குறைவான தொகை. 360 மாதத்தில் 52 மாதம் குறைகிறது. வட்டியில் 29,400 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம். வெறும் 1,200 கட்டினாலோ 357 மாதம்தான். மூன்றே மாதம் குறையும். ஆறு வெள்ளி சேர்த்ததற்கு அது நியாயமான பலன்தான்!

எப்போது தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். பத்தாண்டுகள் சரியான தவணையையே கட்டியிருந்தால் மீதம் ஏறக்குறைய 196,960 ரிங்கிட். மீதக் காலம் 240 மாதம். அன்றிலிருந்து 1,300 கட்டினால் 212 மாதத்தில் முடியும். அதே கூடுதல் தொகைக்கு 52 மாதத்துக்குப் பதில் 28 மாதம்தான் குறைகிறது.

இந்தக் கணக்கெல்லாம் கூடுதல் பணம் அசலில் கழிந்தால் மட்டுமே பலிக்கும். நம் நாட்டில் சாதாரணத் தவணைக் கடனில், நாம் எழுதிக் கேட்காவிட்டால், மிகுதிப் பணத்தை வங்கி வரும் மாதத் தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொள்வது உண்டு. பணம் நம் பெயரில்தான் இருக்கும்; ஆனால் வட்டி ஒரு சென்னும் குறையாது. மாமாவின் கணக்கிலும் முதலில் இப்படித்தான் இருந்தது. ‘செமி பிளெக்சி’, ‘பிளெக்சி’ வகைக் கடன்களில் மிகுதிப் பணம் வட்டியைக் குறைக்கும். திருப்பி எடுக்கும் விதத்தில்தான் இரண்டும் வேறுபடும்.

எந்த வகை என்று அறியக் கணக்கு அறிக்கையைப் பாருங்கள். முதல் 1,300 கட்டியபின் அசல் 249,533 அளவில் இருந்தால் நல்லது. 249,640 அளவில் நின்றால் உங்கள் 106 ரிங்கிட் முன்பணமாகச் சும்மா கிடக்கிறது. வட்டியைத் தினக் கணக்கில் போடுவதால் 31 நாள் மாதத்தில் வட்டி 849 ரிங்கிட் வரும். ஆகவே சில ரிங்கிட் வித்தியாசத்தைக் கண்டு பதறவேண்டாம். நூறு ரிங்கிட் வித்தியாசம் என்றால் வங்கிக்குக் கடிதம் எழுதி, மிகுதியை அசலில் கழிக்கச் சொல்லவேண்டும்.

இன்னொரு சிக்கல் வட்டி விகித மாற்றம். பேங்க் நெகாரா 2022 மே முதல் 2023 மே வரை ஓ.பி.ஆர். விகிதத்தை 1.75லிருந்து 3.00 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. 2025 ஜூலையில் 2.75 ஆக்கியது. மாறும் வட்டிக் கடன்களில் தவணையும் அதோடு ஏறி இறங்கும். நம் எடுத்துக்காட்டில் தொடக்க வட்டி 4லிருந்து 4.25 ஆனால் சரியான தவணை 1,229.85. அப்போது 1,200 கட்டுபவர் தாம் கூடுதலாகக் கட்டுவதாக நினைத்திருக்க, உண்மையில் மாதம் முப்பது ரிங்கிட் குறைவாகக் கட்டிக்கொண்டிருப்பார். 1,300 கட்டுபவருக்கோ மிகுதி 70 ரிங்கிட்டாகக் குறையும்.

இதே சூத்திரத்தைக் காருக்குப் போட்டுவிடாதீர்கள். நிலைவட்டி முறையில் கையெழுத்திட்ட வாடகைக் கொள்முதல் கடனில் முழு வட்டியும் முதல் நாளே கணக்கிடப்பட்டுவிடும். அதில் மாதம் இருபது வெள்ளி சேர்த்துக் கட்டுவதால் வட்டி குறைவதில்லை. முழுக் கடனையும் முன்கூட்டியே தீர்த்தால்தான் தள்ளுபடி கிடைக்கும். வீட்டுக் கடன் வைத்திருப்போர், வட்டி மாறியதாகக் கடிதம் வரும் ஒவ்வொரு முறையும் அன்றைய மீதத்தையும் புதிய வட்டியையும் போட்டு n-ஐ மீண்டும் கணக்கிடவேண்டும். என் மாமாவின் விரிதாளில் இந்த வேலை இப்போது என்னுடையது.